வினிகர் டைட்ரேஷன்: 0.51% ஏன் வருகிறது, நிறை சதவீதம் எப்படி வரும்

கேள்வி: வெள்ளை வினிகர் பாட்டிலில் 5% என்று போட்டிருக்கிறது. 10 மிலி எடுத்து 100 மிலி திட்டக் குடுவையில் தண்ணீர் சேர்த்து நிரப்பினேன். அதிலிருந்து 25 மிலி எடுத்து 0.1 மோலார் NaOH வைத்து டைட்ரேட் பண்ணினேன், 21.30 மிலி ஆனது. கணக்குப் போட்டால் 0.51% தான் வருகிறது. தப்பு எங்கே? இதை நிறை சதவீதமாக எப்படி மாற்றுவது?

பதில்:

நீங்கள் கண்டுபிடித்தது வினிகரின் செறிவு அல்ல, நீர்த்த கரைசலின் செறிவு. அந்தக் கரைசலைப் பொறுத்தவரை 0.51 சரிதான். பத்து மடங்கு நீர்த்ததைக் கணக்கில் திரும்பச் சேர்க்க விட்டுப்போயிற்று. அவ்வளவுதான் தப்பு. ஆனால் பத்தால் பெருக்கி 5.1 என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அந்த எண்ணில் இன்னும் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அது நிறை சதவீதம் அல்ல. இரண்டு, உங்கள் NaOH உண்மையிலேயே 0.1 மோலார்தானா என்று இன்னும் தெரியாது. இரண்டில் பெரியது இரண்டாவதுதான்.

முதலில் கணக்கு. மோலாரிட்டி வழியாகப் போனால் நீர்த்தல் காரணி எளிதில் கைநழுவும். அதற்குப் பதிலாக, அமிலம் எந்தப் பாத்திரத்திலிருந்து எந்தப் பாத்திரத்துக்கு வந்தது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். பியூரெட்டிலிருந்து இறங்கிய NaOH 21.30 × 0.1 = 2.130 மில்லிமோல். அசிட்டிக் அமிலமும் NaOH-ம் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வினைபுரிவதால், கூம்புக் குடுவையில் இருந்த அமிலமும் 2.130 மில்லிமோல்தான். அது 25 மிலி கரைசலோடு வந்தது. திட்டக் குடுவையில் இருந்ததோ 100 மிலி, அதாவது நான்கு மடங்கு. எனவே குடுவை முழுவதிலும் 8.520 மில்லிமோல். இவ்வளவும் நீங்கள் முதலில் விட்ட 10 மிலி வினிகரிலிருந்துதான் வந்தது, தண்ணீரில் அமிலம் இல்லை. அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60.05. ஆக 10 மிலி வினிகரில் 0.5116 கிராம் அமிலம், 100 மிலியில் 5.12 கிராம்.

இந்த 5.12 என்பது 100 மிலி வினிகரில் எத்தனை கிராம் அமிலம் என்ற அளவு. நிறை சதவீதம் என்பது 100 கிராம் வினிகரில் எத்தனை கிராம் என்பது. பாட்டில்களில் அச்சிடப்படும் சதவீதம் பெரும்பாலும் முதல் வகையில்தான் இருக்கும். அதனால் லேபிளோடு ஒப்பிடும்போது எந்த வகையை எதோடு வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வினிகரின் அடர்த்தி வேண்டும். 5% அசிட்டிக் அமிலக் கரைசலின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸில் மிலிக்குச் சுமார் 1.005 கிராம். புத்தகத்திலிருந்து எடுப்பதைவிட நீங்களே அளப்பது நல்லது, அதற்கு இரண்டு நிமிடம் போதும். மூடியோடு ஒரு சிறிய காலிக் குடுவையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். அதே 10 மிலி பிப்பெட்டால் வினிகரை அதில் விட்டு, மூடி, எடையைப் பாருங்கள். 10.05 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிறை சதவீதம் 0.5116 ÷ 10.05 × 100 = 5.09. முன்பு 5.12, இப்போது 5.09. வித்தியாசம் அரை சதவீதப் பங்குதான். பலர் அடர்த்தித் திருத்தத்தைப் பெரிய விஷயமாக நினைத்துக் குழம்புகிறார்கள், சாதாரண வெள்ளை வினிகரில் அதன் பங்கு இவ்வளவே. சர்க்கரையும் கரைந்த பொருட்களும் நிறைய உள்ள, கெட்டியான வினிகர்களில் அடர்த்தி கூடுதலாக இருக்கும், அங்கே இந்த எடையை அளக்காமல் விடக் கூடாது.

நிறை சதவீதம் மட்டுமே வேண்டுமென்றால் பிப்பெட்டும் வேண்டாம், திட்டக் குடுவையும் வேண்டாம். ஒரு கூம்புக் குடுவையைத் தராசில் வைத்து, சொட்டுக் குழாயால் சுமார் 2.5 கிராம் வினிகரை விட்டு, எடையை மில்லிகிராம் வரை குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 2.500 வரவேண்டும் என்று போராட வேண்டியதில்லை, வந்த எடை துல்லியமாகத் தெரிந்தால் போதும். 50 மிலி தண்ணீர் சேர்த்து நேரடியாக டைட்ரேட் செய்யுங்கள். 5% வினிகருக்கு 0.1 மோலார் NaOH சுமார் 21 மிலி ஆகும், 50 மிலி பியூரெட்டுக்கு வசதியான அளவு. இந்த வழியில் நீர்த்தல் காரணியே கணக்கில் வராது, அடர்த்தியும் வராது. அறை வெப்பநிலையும் எடுத்த வினிகரின் அளவைப் பாதிக்காது. பிப்பெட்டுகள் 20 டிகிரிக்கு அளவு குறிக்கப்பட்டவை. அறை 30 டிகிரியில் இருந்தால் அதே 10 மிலியில் கால் சதவீதம் குறைவான நிறைதான் இருக்கும். மில்லிகிராம் தராசு கையில் இருப்பவர்கள் இந்த வழியிலேயே செய்யலாம் என்பது என் கருத்து.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். லிட்டருக்கு 4 கிராம் NaOH வில்லைகளை எடைபோட்டுக் கரைத்து, புட்டியில் 0.1 மோலார் என்று எழுதி ஒட்டியிருந்தால், அந்த எண்ணை நம்ப முடியாது. வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தராசில் வைத்த ஒரு நிமிடத்திலேயே மேற்பரப்பு பளபளவென்று நனைந்துவருவதைக் கண்ணால் பார்க்கலாம். கூடவே கார்பன் டை ஆக்சைடையும் பிடித்து, ஒரு பகுதி சோடியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். நீங்கள் எடைபோட்ட 4 கிராமில் எவ்வளவு உண்மையில் NaOH என்பது தராசுக்குத் தெரியாது. கரைசல் பல மாதம் நின்றால் இன்னும் மாறும்.

அதனால் NaOH கரைசலை முதலில் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற திட அமிலத்தைக் கொண்டு தரப்படுத்த வேண்டும். அது தூய்மையாகக் கிடைக்கிறது, காற்றில் மாறுவதில்லை, மோலார் நிறை 204.22 என்று பெரிதாக இருப்பதால் எடைபோடும் பிழையும் சிறிதாகிறது. 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் சுமார் 0.5 கிராமைத் துல்லியமாக எடைபோட்டு, 50 மிலி தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை சுழற்றுங்கள். அவசரப்பட்டு அடியில் படிகம் கிடக்கும்போதே தொடங்கினால், முடிவுப் புள்ளி வந்தது போலத் தோன்றி, மிச்சம் கரைந்ததும் நிறம் போய்விடும். இதுவும் ஒன்றுக்கு ஒன்று வினைதான், நிறங்காட்டியும் வினிகருக்குப் போடும் அதே ஃபீனால்ப்தலீன்தான்.

உங்கள் கரைசலுக்கு மூன்று முறை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
தாலேட் (கிராம்)   NaOH (மிலி)   NaOH (மோலார்)
0.5123            25.85         0.09704
0.4987            25.15         0.09710
0.5241            26.45         0.09703
                  சராசரி        0.09706
```

முதல் வரிசையில் 0.5123 ÷ 204.22 = 0.0025086 மோல், அதை 0.02585 லிட்டரால் வகுத்தால் 0.09704. மற்றவையும் அப்படியே. இப்போது இதே எண்ணை உங்கள் வினிகர் கணக்கில் வையுங்கள்:

```
25 மிலியில் உள்ள அமிலம்  = 21.30 × 0.09706 = 2.067 மில்லிமோல்
10 மிலி வினிகரில்        = 2.067 × 4       = 8.27 மில்லிமோல்
அமிலத்தின் நிறை          = 8.27 × 0.06005  = 0.4966 கிராம்
100 மிலியில்             = 4.97 கிராம்
நிறை சதவீதம்             = 0.4966 ÷ 10.05 × 100 = 4.94
```

5.09 என்று இருந்தது 4.94 ஆகிவிட்டது. அடர்த்தி மாற்றியது அரை சதவீதப் பங்கு, NaOH-ன் உண்மைச் செறிவு மாற்றியது மூன்று சதவீதப் பங்கு. லேபிளைவிட அதிகம் என்று நினைத்த வினிகர், லேபிளுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நிற்கிறது. தரப்படுத்தாத NaOH-ஐ வைத்து இரண்டு தசம இடங்களுக்கு விடை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

கார்பனேட் பற்றி ஒரு வார்த்தை. ஃபீனால்ப்தலீன் நிறம் மாறும் இடத்தில் கார்பனேட் பாதி வழிதான் நடுநிலையாகியிருக்கும், பைகார்பனேட்டாக நின்றுவிடும். அதனால் கார்பனேட் கலந்த NaOH இந்த நிறங்காட்டிக்கு முன்னால் வலு குறைந்ததாகத் தெரியும். நல்ல வேளையாக, தாலேட்டுக்கும் வினிகருக்கும் ஒரே நிறங்காட்டி என்பதால் அந்தக் குறைவு இரண்டிலும் ஒரே அளவில் வந்து அடிபட்டுப்போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் மெத்தில் ஆரஞ்சையும் வைத்துத் தரப்படுத்திவிட்டு, வினிகருக்கு ஃபீனால்ப்தலீன் போட்டால் அடிபடாது, விடை கூடுதலாக வரும். கார்பனேட்டே இல்லாத கரைசல் வேண்டுமென்றால், சம எடை NaOH-ம் தண்ணீரும் சேர்த்த கெட்டிக் கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில் சில நாள் அசைக்காமல் வையுங்கள். சோடியம் கார்பனேட் அதில் கரையாமல் அடியில் தங்கும். மேலே தெளிந்ததில் சுமார் 5.3 மிலியை ஒரு லிட்டருக்கு நீர்த்தால் 0.1 மோலாருக்கு அருகில் வரும், பிறகு தரப்படுத்துங்கள். இந்தக் கெட்டிக் கரைசல் கரைக்கும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

தண்ணீரும் இதே காரணத்துக்காகவே முக்கியம். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் வெளியேறிவிடும். பிறகு வினிகர் இல்லாமல் அதே அளவு தண்ணீரும் அதே இரண்டு சொட்டு நிறங்காட்டியும் எடுத்து, இளஞ்சிவப்பு வர எத்தனை NaOH ஆகிறது என்று பாருங்கள். ஒரு சொட்டிலேயே வந்துவிட்டால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. அரை மிலி ஆனால், அதே அரை மிலி உங்கள் வினிகர் அளவீட்டிலும் ஒளிந்திருக்கிறது, கழிக்க வேண்டும்.

முடிவுப் புள்ளியில்தான் கை பழக வேண்டும். கூம்புக் குடுவைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் வையுங்கள். தொடக்கத்தில் NaOH விழும் இடத்தில் தோன்றும் சிவப்பு உடனே மறையும். முடிவு நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு மேகம் பெரிதாகி, குடுவையைச் சுழற்றினால்தான் போகும். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக. குடுவையின் உள்சுவரில் தெறித்து ஒட்டியிருப்பதைக் கழுவு புட்டியால் ஒருமுறை இறக்கிவிடுங்கள், அதிலும் அமிலம் இருக்கிறது. கடைசியில் பியூரெட் நுனியில் பாதிச் சொட்டைத் தொங்கவிட்டு, குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து, தண்ணீரால் உள்ளே கழுவுங்கள். குடுவை முழுவதும் காகிதத்துக்கு எதிரே வைத்தால் மட்டும் தெரிகிற வெளிர் இளஞ்சிவப்பு, 30 விநாடி நின்றால் போதும். அதற்குப் பிறகு மெல்ல வெளுக்கும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதுதான் காரணம். வெளுத்துவிட்டதே என்று மேலும் சொட்டு விடாதீர்கள். ரோஜா நிறத்துக்குப் போய்விட்டால் இரண்டு மூன்று சொட்டு தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அது 0.1 முதல் 0.15 மிலி, விடையில் சுமார் அரை சதவீதப் பங்கு அல்லது அதற்கும் மேல், அதாவது அடர்த்தித் திருத்தம் அளவுக்குப் பெரிய பிழை.

நிறங்காட்டியை மாற்றிப் பார்க்கலாமா என்றால், கூடாது. அமிலம் முழுவதும் தீர்ந்த இடத்தில் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட். அது லேசான காரத்தன்மை உள்ளது, உங்கள் நீர்த்த அளவுக்கு pH சுமார் 8.7. ஃபீனால்ப்தலீன் 8.2-க்கும் 10-க்கும் இடையில் மாறுவதால் சரியாகப் பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் மாறும். அசிட்டிக் அமிலம் வலுவற்றது என்பதால் pH 4.4-ஐத் தொடும்போது மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகியிருக்காது. நிறமும் பளிச்சென்று மாறாமல் இழுத்துக்கொண்டே போகும். 5% வினிகர் 1 சதவீதத்துக்கு அருகே காட்டினால் போட்ட நிறங்காட்டியை முதலில் பாருங்கள்.

கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பியூரெட்டைக் கடைசியாக NaOH-ஆலும், பிப்பெட்டைக் கடைசியாக அது எடுக்கப்போகும் கரைசலாலும் அலச வேண்டும், உள்ளே நிற்கும் தண்ணீர் அவற்றை நீர்த்துவிடக் கூடாது. கூம்புக் குடுவையையோ தண்ணீரால் மட்டும் அலச வேண்டும். அங்கே ஈரம் இருந்தால் கவலையில்லை, ஏனென்றால் அமிலத்தின் மோல் எண்ணிக்கையைத் தண்ணீர் மாற்றாது. வினிகரால் அலசினால் ஒட்டியிருக்கும் அமிலமும் கணக்கில் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வரும். முதல் அளவீடு மட்டும் அதிகமாகவும் பிந்தியவை ஒத்தும் வந்தால், பியூரெட் நுனியில் முதலில் காற்றுக் குமிழி இருந்து நடுவில் வெளியேறியிருக்கும். தொடங்கும் முன் திருகை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டால் குமிழி போய்விடும். நிரப்பிய புனலையும் எடுத்துவிடுங்கள், அதிலிருந்து பிறகு விழும் ஒரு சொட்டு நீங்கள் வாசிக்கும் அளவைக் குறைக்கும்.

மூன்று அளவீடுகள் 0.1 மிலிக்குள் ஒத்து வரும்வரை செய்து அவற்றின் சராசரியை எடுங்கள். முதல் சோதனை அளவீட்டைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். பியூரெட்டை 0.05 மிலி வரை நம்பலாம் என்றால் 21 மிலியில் அது கால் சதவீதப் பங்கு. பிப்பெட், குடுவை, தரப்படுத்தல் எல்லாம் சேர்த்தாலும் கவனமான கையில் மொத்தம் அரை சதவீதப் பங்குக்குள் நிற்கும். அதாவது 4.94 என்பதில் கடைசி இலக்கம் இரண்டு மூன்று அளவு மேலேயோ கீழேயோ இருக்கலாம். 100 மிலிக்கு 4.97 கிராம் என்ற உங்கள் விடையை 5% என்ற லேபிளோடு வைத்துப் பார்த்தால், லேபிள் பொய் என்று சொல்ல இடமில்லை.

கடைசியாக, NaOH-க்கு அசிட்டிக் அமிலம் எது, மற்ற அமிலம் எது என்று தெரியாது. வெள்ளை வினிகரில் ஏறக்குறைய எல்லாமே அசிட்டிக் அமிலம் என்பதால் பிரச்சினை இல்லை. பழச்சாற்றிலிருந்து செய்த வினிகரில் மாலிக், டார்டாரிக் போன்ற அமிலங்களும் இருக்கும், அவையும் NaOH-ஐக் குடிக்கும். சிவப்பு, பழுப்பு வினிகர்களில் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. கூம்புக் குடுவையில் 150 மிலி தண்ணீர் கூடுதலாகச் சேர்த்து நிறத்தை வெளுக்கவைக்கலாம், அதுவும் போதாவிட்டால் pH மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிறு சேர்ப்புக்கும் வாசித்து, pH செங்குத்தாக ஏறும் இடத்தின் நடுவை எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வினிகருக்கு விடையை "அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்ட மொத்த அமிலத்தன்மை" என்றே எழுதுங்கள். உங்கள் வெள்ளை வினிகருக்கு, NaOH-ஐத் தரப்படுத்திய பிறகு வரும் எண்ணை "நிறை/நிறை" என்று குறிப்பிட்டு, பக்கத்திலேயே 100 மிலிக்கு எத்தனை கிராம் என்பதையும் எழுதிவிட்டால், லேபிளோடு ஒப்பிடுபவர் மீண்டும் குழம்ப மாட்டார்.